வகைக்கெழு 0 என்றால் சார்பு மாறிலி: இதை எதுக்கு நிரூபிக்கணும்?

கோணமானி · 8 ஜூன் 2023, இரவு 9.52

பிளஸ் டூ டியூஷன், தொகையிடல் முதல் நாள். x²-க்கு வகைக்கெழு 2x, x²+5-க்கும் 2x, அதனால 2x-ஐத் தொகையிட்டா x²+C என்று போர்டில் போட்டுட்டு அடுத்த கணக்குக்குத் தாவப் பார்த்தேன். ஒரு பொண்ணு விடலை. "சார், x²+5 வரும்னு காட்டிட்டீங்க. x²-ஓட வேற எதையாவது கூட்டினா வராதுன்னு காட்டலையே?"

ரெண்டு விடை இருந்தா அவற்றின் வித்தியாசத்துக்கு வகைக்கெழு 0, அதனால வித்தியாசம் மாறிலி என்றேன். "0 வந்தா மாறிலின்னு எப்படி சார்?" 0-வைத் தொகையிட்டா C தானேம்மா என்றேன். "அதைத்தானே சார் கேக்குறேன்."

சராசரி மதிப்புத் தேற்றம் பாடத்தில் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா அதை அந்தப் பிள்ளைகள் பரிட்சைக்காக மனப்பாடம் பண்ணினது. அதைத் தொடாமல் நேரா காட்ட வழி இருக்கா?

ஈரோட்டான் · 8 ஜூன் 2023, இரவு 10.15

இதுல நிரூபிக்க என்ன இருக்கு? வேகம் எப்பவுமே 0-ன்னா வண்டி நகரலை. முடிஞ்சது.

சாந்தி டீச்சர் · 8 ஜூன் 2023, இரவு 10.31

தப்பு சார். x³-க்கு x=0-ல் வகைக்கெழு 0. ஆனா x³ மாறிலி இல்லையே. அதனால இந்தக் கூற்றே பொய்.

கோணமானி · 8 ஜூன் 2023, இரவு 10.40

டீச்சர், ஒரு புள்ளியில் 0 இல்லை. இடைவெளியின் எல்லாப் புள்ளியிலும் 0.

முடிவிலி · 9 ஜூன் 2023, காலை 6.20

ஈரோட்டான் சொன்ன வண்டியையே எடுத்துக்குவோம். "வேகம் 0" என்பது ஒரு கணத்தைப் பற்றிய செய்தி. அந்தக் கணத்தைச் சுற்றி நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தது 0-வை நெருங்குது, அவ்வளவுதான். "நகரலை" என்பது ரெண்டு வெவ்வேறு நேரங்களைப் பற்றிய செய்தி. தனித்தனிப் புள்ளிகளின் தகவலைச் சேர்த்து முழு இடைவெளிக்கும் ஒரு முடிவு எடுக்கிறோம். சேர்க்கிற வேலையை யாராவது செய்தாகணும்.

பாடப்புத்தக வழியில் அந்த வேலையைச் சராசரி மதிப்புத் தேற்றம் செய்யுது. a, b எந்த ரெண்டு புள்ளியானாலும் f(b) − f(a) = f′(c)(b − a) ஆகிற c ஒன்று நடுவில் உண்டு. f′(c) = 0, ஆக f(b) = f(a). ஒரு வரி. ஆனா அந்த c எங்கிருந்து வந்தது? ரோலின் தேற்றத்திலிருந்து. ரோலுக்கு, மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை எங்காவது எட்டியே தீரும் என்பது வேணும். அதுக்கு எண்கோட்டில் ஓட்டை இருக்கக் கூடாது. கடைசியில் எல்லா பாரத்தையும் தாங்குறது இந்தக் கடைசி வரிதான்.

ஓட்டை இருந்தா என்ன ஆகும்னு பாருங்க. விகிதமுறு எண்கள் மட்டும்தான் உலகம்னு வெச்சுக்குங்க. x² < 2 என்றால் f(x) = 0, x² > 2 என்றால் f(x) = 1. இப்போதைக்கு 0-லிருந்து 2 வரை மட்டும் பார்ப்போம். x² = 2 ஆகிற விகிதமுறு எண்ணே கிடையாது, அதனால எந்தப் புள்ளியும் விட்டுப்போகலை. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு சார்பு அசையாமல் இருக்கு, வகைக்கெழு எல்லா இடத்திலும் 0. ஆனா f(1) = 0, f(2) = 1. ஈரோட்டான், உங்க வண்டி ஒரு கணமும் நகராமல் அடுத்த ஊர் போயிடுச்சு.

ஈரோட்டான் · 9 ஜூன் 2023, காலை 9.05

அந்த உலகத்துல பஸ் டிக்கெட் மிச்சம்.

சரி, சேர்க்கிற வேலையை நானே செய்யறேன். 0-லிருந்து 1 வரை n சம துண்டு. வகைக்கெழு 0 என்பதால ஒவ்வொரு துண்டிலும் சார்பின் மாற்றம் துண்டின் நீளத்தை விட ரொம்பச் சின்னது, ε/n-க்கும் கீழே. n துண்டையும் கூட்டினா மொத்த மாற்றம் ε-க்குள்ளே. ε எவ்வளவு சின்னதா வேணும்னாலும் எடுக்கலாம். ஆக மொத்த மாற்றம் 0. தேற்றமும் வேணாம், ரோலும் வேணாம்.

ராப்பொழுது · 9 ஜூன் 2023, பகல் 1.12

C பற்றிப் பேச்சு வந்ததால கேக்குறேன். sin x cos x-ஐத் தொகையிடச் சொன்ன கணக்கு. நான் எழுதினது sin²x/2 + C. விடைக்குறிப்பில் −cos 2x/4 + C. என் பையன் தாளைத் திருத்தினவர் தப்புன்னு போட்டுட்டார். யாரிடம் முறையிடுவது?

முடிவிலி · 9 ஜூன் 2023, பகல் 1.50

ராப்பொழுது, நீங்க எழுதினதா, பையன் எழுதினதா? எதுவானாலும் சரியான விடை. cos 2x = 1 − 2sin²x. அதைப் போட்டால் −cos 2x/4 என்பது sin²x/2 − 1/4 ஆகுது. ரெண்டுக்கும் வித்தியாசம் கால், அது C-க்குள் போயிடும். −cos²x/2 என்று மூன்றாவது ஒருத்தர் எழுதினாலும் சரிதான், அங்கே வித்தியாசம் அரை. கோணமானி கேட்ட தேற்றத்தின் பயனே இது: ஒரே சார்பைத் தொகையிட்டு வந்த ரெண்டு விடை எவ்வளவு வேறாகத் தெரிஞ்சாலும் ஓர் இடைவெளியில் கழிச்சுப் பார்த்தா மாறிலிதான் மிஞ்சும். x = 0 போட்டு அந்த மாறிலியைக் கண்டுபிடிங்க, இன்னொரு x போட்டுச் சரிபாருங்க. திருத்துறவருக்கு அரை நிமிஷ வேலை.

முடிவிலி · 9 ஜூன் 2023, இரவு 8.44

இப்போ ஈரோட்டானின் துண்டுகள். அந்த வாதம் பாதி சரி. மீதிப் பாதி எங்கே வழுக்குதுன்னு பார்க்க, அதே விகிதமுறு உலகத்தில் ஓட்டிப் பாருங்க. அங்கேயும் ஒவ்வொரு புள்ளியிலும் வகைக்கெழு 0, ஆக வாதம் வரிக்கு வரி பொருந்தணும். முடிவு மட்டும் பொய். எங்கேயோ ஒரு வரி உடையுது.

உடையுற வரி இது: "ஒவ்வொரு துண்டிலும் மாற்றம் ε/n-க்குக் கீழே." வகைக்கெழு 0 என்பதன் பொருள், புள்ளி x-ஐச் சுற்றி ஏதோ ஒரு தூரம் வரைக்கும் மாற்றம் சின்னது என்பதுதான். அந்தத் தூரம் புள்ளிக்குப் புள்ளி வேற. நம்ம உதாரணத்தில் x = 1.4-ஐச் சுற்றி 0.0142 தூரம் நிம்மதியா இருக்கலாம். 1.414-ல் 0.0002 தான். 1.4142-ல் 0.0000135. √2-வை நெருங்க நெருங்க அது சுருங்கிட்டே போகுது, அடித்தளமே இல்லை. நீங்க n-ஐ ஆயிரம் எடுங்க, கோடி எடுங்க, அந்த சம துண்டை விடக் குறைஞ்ச தூரம் தாங்கும் புள்ளி ஒன்று எப்பவும் இருக்கும். √2-வைத் தாண்டுற துண்டு ஒன்றே ஒன்றுதான், மொத்த ஏற்றமான 1-ம் அதில்தான் ஒளிஞ்சிருக்கு.

ஆறுதலுக்கு ஒன்று. 1823-ல் கோஷி தன் பாரிஸ் பாடக் குறிப்புகளில் இதே துண்டு வழியில்தான் போனார், எல்லாப் புள்ளிக்கும் ஒரே தூரம் போதும்னு எடுத்துக்கிட்டார். அறுபது வருஷம் கழிச்சு ஜோர்தான் தன் புத்தகத்தில் அதையே செய்ய, 1884-ல் பியானோ பிடிச்சுக் கேட்டார். ஈரோட்டான் நல்ல கூட்டத்தில்தான் இருக்கார்.

ஈரோட்டான் · 9 ஜூன் 2023, இரவு 9.30

துண்டு சமமா இருக்கணும்னு யார் சொன்னது? ஒவ்வொரு புள்ளிக்கும் அது தாங்குற அளவுக்குத் துண்டு போடறேன்.

முடிவிலி · 9 ஜூன் 2023, இரவு 9.41

போடுங்க. ஆனா எண்ணிக்கை முடிவுள்ள துண்டுகளில் 0-லிருந்து 1 வரை போய்ச் சேருவீங்கன்னு என்ன உத்தரவாதம்? அரை, கால், அரைக்கால் என்று சுருங்கிப் பாதி வழியிலேயே நின்னுட்டா?

கோணமானி · 10 ஜூன் 2023, காலை 7.15

அந்த உத்தரவாதத்தை ரெண்டாப் பிளந்து பிளந்து காட்டலாம்னு நினைக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து எழுதினது. முடிவிலி பார்த்துச் சொல்லுங்க.

0-லிருந்து 1 வரை எல்லா இடத்திலும் வகைக்கெழு 0, ஆனாலும் f(0) = 0, f(1) = 0.3 என்று வெச்சுக்குவோம். முழு இடைவெளியின் சராசரிச் சாய்வு 0.3. நடுவில் வெட்டு. ரெண்டு பாதியின் சாய்வுகளைக் கூட்டி ரெண்டால் வகுத்தா 0.3 வரணும். அதனால ரெண்டுமே 0.3-க்குக் கீழே இருக்க முடியாது. குறையாத பாதியை வெச்சுக்கோ, மற்றதை விடு. திரும்ப வெட்டு. இப்படியே போனா நீளம் 1/2, 1/4, 1/8 என்று குறையுது, ஒவ்வொன்றின் சாய்வும் 0.3-க்குக் குறையலை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றா ஒரு புள்ளியில் போய் முடியுது. அது c.

இப்போ c-யில் வகைக்கெழு 0. அதனால c-க்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தூரத்துக்குள் f(x)-க்கும் f(c)-க்கும் உள்ள வித்தியாசம், x-க்கும் c-க்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. வெட்டி வெட்டி வந்த துண்டு [p, q] அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகு, p-யிலிருந்து c வரை ஏற்றம் 0.1(c − p)-க்குள், c-யிலிருந்து q வரை 0.1(q − c)-க்குள். மொத்தம் 0.1(q − p)-க்குள். ஆனா அதே துண்டில் ஏற்றம் குறைஞ்சது 0.3(q − p)-ன்னு சொல்லியிருக்கோம். முரண்பாடு.

இறங்குமுகமா இருந்தா −f-க்கு இதையே செய்யலாம்.

முடிவிலி · 10 ஜூன் 2023, காலை 7.58

ஓட்டை இல்லை. ஈரோட்டானிடம் இருந்த குறை இதில் வராததுக்குக் காரணம், நீங்க எல்லாப் புள்ளியின் தூரத்தையும் கேக்கலை. c என்ற ஒரே புள்ளியிடம் மட்டும் கேக்குறீங்க. அந்த ஒன்று பொய் சொல்ல முடியாது.

இதையும் √2 உதாரணத்தில் ஓட்டிப் பாருங்க. [0, 2]-ல் சாய்வு 0.5. வெட்டினா [1, 2], சாய்வு 1. அடுத்து [1, 1.5], சாய்வு 2. [1.25, 1.5], சாய்வு 4. [1.375, 1.5], சாய்வு 8. பிறகு [1.375, 1.4375], 16. துரத்திக்கிட்டே போறோம், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அவை போய் முடியவேண்டிய இடத்தில் ஆள் இல்லை. c-யிடம் கேட்கலாம்னா c கிடையாது. மெய்யெண்கள் எதுக்குன்னு மாணவர்கள் கேட்டா இதைக் காட்டுங்க.

சாந்தி டீச்சர் · 10 ஜூன் 2023, காலை 10.20

இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுவும் சுத்தி வளைச்சு சராசரி மதிப்புத் தேற்றம்தானே? சாய்வு 0.3 இருந்தா எங்கேயோ ஒரு இடத்தில் வகைக்கெழு 0 இல்லைன்னு சொல்றீங்க.

முடிவிலி · 10 ஜூன் 2023, காலை 11.02

நெருங்கின சொந்தம், ஆனா அதே ஆள் இல்லை. அந்தத் தேற்றம் வகைக்கெழு சரியா 0.3 ஆகிற இடத்தைக் காட்டும். இது 0.3-க்குக் குறையாத இடம் உண்டுன்னு மட்டும் சொல்லுது. நமக்கு அது போதும்.

கோணமானி · 10 ஜூன் 2023, பகல் 12.30

எனக்கு டீச்சர் பக்கமும் நியாயம் படுது. எதை மறைச்சு எதைக் காட்டினாலும் எண்கோட்டின் அதே குணம்தான் வேலை செய்யுது.

கம்பிவடம் · 12 ஜூன் 2023, இரவு 11.05

மூணு நாளா படிச்சுட்டிருக்கேன். எனக்கு வேலையில் வந்த தலைவலிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோன்னு சந்தேகம். 1/(2 + cos x)-ஐ ஒரு முழுச் சுற்றுக்கு, 0-லிருந்து 2π வரை தொகையிடணும். t = tan(x/2) போட்டா புத்தகத்தில் உள்ளபடி (2/√3) arctan(tan(x/2)/√3) வருது. வகையிட்டுச் சரிபார்த்தேன், சரி. ஆனா எல்லைகளைப் போட்டா:

```
from math import *
F = lambda x: 2/sqrt(3)*atan(tan(x/2)/sqrt(3))
print(F(2*pi) - F(0))
```

0 வருது (கடைசி தசமத்தில் ஏதோ தூசி). எண்முறையில் கூட்டினா 3.6276. எது நிஜம்?

ஈரோட்டான் · 12 ஜூன் 2023, இரவு 11.20

0 வாய்ப்பே இல்லை. 2 + cos x எப்பவும் 1-க்கும் 3-க்கும் நடுவில். தொகையிடுற சார்பு 1/3-க்குக் கீழே போகவே போகாது. 2π நீளத்துக்கு விடை குறைஞ்சது 2.09 இருக்கணும்.

முடிவிலி · 13 ஜூன் 2023, காலை 6.35

தொடர்பு இருக்கு, நேரடியாவே. x = π-யில் tan(x/2) வெடிக்குது. அதனால உங்க F அங்கே வரையறுக்கப்படவே இல்லை. π-க்கு இடப்பக்கம் arctan π/2-வை நெருங்குது, தாண்டினதும் −π/2-விலிருந்து தொடங்குது. F அந்த இடத்தில் (2/√3)·π அளவு கீழே குதிக்குது. தொகையிடுற சார்போ π-யில் எந்தக் குறையும் இல்லாமல் 1 என்ற மதிப்போடு இருக்கு. ஆக F-ன் வகைக்கெழு ரெண்டு தனித்தனி இடைவெளியில் சரி, முழு [0, 2π]-யில் இல்லை.

"மாறிலியால் மட்டும் வேறுபடும்" என்பது ஓர் இடைவெளிக்குள்ள வாக்குறுதி. நிஜமான விடையை G என்றால், π-க்கு முன்னால் G − F ஒரு மாறிலி, பின்னால் இன்னொரு மாறிலி. G தொடர்ச்சியா இருக்கணும்னா பின்னால் உள்ள மாறிலி 2π/√3 கூடுதலா இருக்கணும். அதைச் சேர்த்து G(2π) − G(0) போடுங்க: 2π/√3 = 3.6276. உங்க எண்முறை விடை அப்படியே வருது.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, வகையிட்டுச் சரிபார்ப்பது மட்டும் போதாது, குதிக்கிற F-ம் அதில் தேறிடும். விடையாக வந்த F எல்லைகளுக்கு நடுவில் எங்கேயாவது உடையுதான்னு தனியா பார்க்கணும். tan, 1/x, arctan உள்ளே எதையாவது வகுத்தது, இவை இருந்தா சந்தேகப்படுங்க.

கம்பிவடம் · 13 ஜூன் 2023, காலை 8.10

பத்துச் சுற்றுக்குப் போட்டாலும் 0-தான் வந்துட்டிருந்தது. சுற்றுக்கு ஒரு 2π/√3 கூட்டிட்டேன், பொருந்துது.

கோணமானி · 13 ஜூன் 2023, இரவு 9.00

அப்போ 1/x-ஐத் தொகையிட்டு ln|x| + C என்று எழுதுறதே சந்தேகம்தானே? 0-வுக்கு இடப்பக்கம் ஒரு C, வலப்பக்கம் வேற C போடலாம். ரெண்டையும் வகையிட்டா 1/x-தான் வருது. arctan x + arctan(1/x) கூட அப்படி: வகைக்கெழு எங்கேயும் 0, ஆனா x = 1-ல் π/2, x = −1-ல் −π/2.

சாந்தி டீச்சர் · 13 ஜூன் 2023, இரவு 9.25

தேர்வில் ஒரே C போட்டாத்தான் மார்க். பிள்ளைகளைக் குழப்பாதீங்க.

முடிவிலி · 13 ஜூன் 2023, இரவு 9.50

ஒரே C எழுதட்டும், "x > 0 என்று கொண்டு" என்பதையும் மனசில் வெச்சுக்கட்டும். 0-வைத் தாண்டித் தொகையிடப் போகாத வரைக்கும் எந்த ஆபத்தும் இல்லை.

கோணமானி · 13 ஜூன் 2023, இரவு 10.02

மனசில் வெச்சதுக்கு மார்க் கிடையாது. நான் தாளிலேயே எழுதச் சொல்லப் போறேன்.

ஈரோட்டான் · 17 ஜூன் 2023, மாலை 5.40

புதுச் சந்தேகம். கோணமானியின் வெட்டுற வழியில் எல்லாப் புள்ளியிலும் வகைக்கெழு 0 வேணும். சில இடத்தில் தெரியலைன்னா? சார்பு தொடர்ச்சியா இருக்கு, பத்துப் புள்ளி தவிர மற்ற இடத்தில் வகைக்கெழு 0. பத்து இடத்திலும் வெட்டினா ஒவ்வொரு துண்டிலும் மாறிலி, தொடர்ச்சி இருப்பதால துண்டுகள் ஒட்டிக்கும். சரிதானே? ஆனா எல்லா விகிதமுறு எண்ணிலும் விலக்கு கொடுத்தா எங்கே வெட்டுறது? அவை எல்லா இடத்திலும் அடர்த்தியா கிடக்கு, துண்டே கிடைக்காதே.

முடிவிலி · 17 ஜூன் 2023, இரவு 10.18

அப்பவும் மாறிலிதான், சார்பு தொடர்ச்சியா இருக்கணும். வெட்டுறதை விட்டுட்டு உங்க பழைய வழிக்கே வாங்க, இடப்பக்கத்திலிருந்து நடந்து போறது. விலக்குப் புள்ளிகளை முதலாவது, ரெண்டாவது என்று வரிசைப்படுத்துங்க. விகிதமுறு எண்களை அப்படி வரிசைப்படுத்த முடியும். k-ஆவது புள்ளியைத் தாண்டும்போது ε/2ᵏ வரை ஏற அனுமதி கொடுங்க, தொடர்ச்சி இருப்பதால அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன தூரத்தில் அதுக்கு மேல ஏறாது. மற்ற புள்ளிகளில் நடந்த தூரத்தின் ε மடங்கு அனுமதி. எல்லா அனுமதியையும் கூட்டினா [0, 1]-ல் 2ε. இந்தக் கணக்கை மீறாமல் எவ்வளவு தூரம் போகலாமோ அந்த உச்ச இடத்தை எடுத்தா, அங்கே நிற்கக் காரணமே இல்லை, இன்னும் கொஞ்சம் போகலாம். அதனால 1 வரை போயிடுவோம்.

வரிசைப்படுத்த முடியாத விலக்கு என்றால் இந்த வழி நின்னுடும், நிக்கவும் வேணும். 1884-ல் கான்டர் கொடுத்த சார்பு இருக்கு: 1/3-க்கும் 2/3-க்கும் நடுவில் 1/2, 1/9-க்கும் 2/9-க்கும் நடுவில் 1/4, 7/9-க்கும் 8/9-க்கும் நடுவில் 3/4, இப்படியே. தட்டையான பகுதிகளின் நீளத்தைக் கூட்டினா முழு 1. தொடர்ச்சியும் உண்டு. ஆனா 0-வில் தொடங்கி 1-ல் முடியுது. மிஞ்சின புள்ளிகளுக்கு மொத்த நீளம் 0, ஆனாலும் அவற்றுக்கு முதலாவது, ரெண்டாவது என்று எண் கொடுத்துத் தீர்க்க முடியாது.

ஈரோட்டான் · 17 ஜூன் 2023, இரவு 10.45

நீளம் 0 உள்ள இடத்திலேயே முழு ஏற்றமும் நடந்துருதா? அதுக்கு அந்தப் புள்ளிகளில் வகைக்கெழு எவ்வளவு?

முடிவிலி · 18 ஜூன் 2023, காலை 6.12

எண்ணா ஒன்றும் கிடையாது. x = 0-வையே பாருங்க. 1/3-ல் மதிப்பு 1/2, 1/9-ல் 1/4, 1/27-ல் 1/8. மதிப்பைத் தூரத்தால் வகுத்தா 3/2, 9/4, 27/8 என்று ஏறிட்டே போகுது.